வெந்த பருப்பில் புரதம் எவ்வளவு? உலர் எடைக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்கும் வழி

அட்டவணையில் மைசூர் பருப்பு 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. என் தட்டில் இருக்கும் 100 கிராம் வெந்த பருப்பிலும் 24 கிராம்தானா?

இல்லை. வீட்டில் சாதத்துக்குப் பிசையும் பதத்தில் வெந்த மைசூர் பருப்பு 100 கிராமில் பெரும்பாலும் 7 முதல் 9 கிராம் வரைதான் புரதம் இருக்கும். அட்டவணையின் எண் கடையிலிருந்து வாங்கிவந்த உலர்ந்த பருப்புக்கு உரியது. வேகும்போது பருப்பு தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறது. புரதம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதே புரதம் இப்போது மூன்று மடங்கு எடைக்குள் பரவிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் நீங்களே விடை சொல்லிவிடலாம்: பானைக்குள் போன புரதம் பானைக்குள்தான் இருக்கிறது, மாறுவது தண்ணீர் மட்டுமே.

அப்படியானால் சமைத்த பருப்பின் அளவையே அட்டவணையில் கொடுத்திருக்கலாமே?

ஒருவர் வீட்டில் கரண்டியில் எடுத்தால் நிற்கும். இன்னொருவர் வீட்டில் ஊற்றினால் ஓடும். எதை அளந்து எழுதுவது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு உள்ளடக்க அட்டவணை, சமைக்காத உணவுப் பொருள்களையே அளந்து தருகிறது. அதில் உடைத்த மைசூர் பருப்புக்கு 24.35 கிராம், தோலோடு கூடிய முழுப் பருப்புக்கு 22.49 கிராம் என்று இருக்கிறது. இரண்டும் உலர் எடையில் 100 கிராமுக்கு. கடைப் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணும் உலர்ந்த பருப்புக்கு உரியதுதான்.

என்னைக் கேட்டால், உலர் எடையை மட்டும் தருவதுதான் நேர்மையானது. உங்கள் அடுப்பில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

சரி, படிப்படியாகச் சொல்லுங்கள். எதை, எப்போது எடை போட வேண்டும்?

மூன்று எடைகள் வேண்டும்: காலிப் பாத்திரம், உலர்ந்த பருப்பு, வெந்தபின் பாத்திரத்தோடு சேர்ந்த எடை. சென்ற வாரம் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பாத்திரத்தை மூடியும் கரண்டியும் இல்லாமல் தராசில் வைத்தேன். 465 கிராம். பிறகு 200 கிராம் உடைத்த மைசூர் பருப்பை அளந்தேன். கழுவுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். கழுவிய பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும் என்பதால், கழுவியபின் போட்ட எடையை உலர் எடையாகக் கொள்ள முடியாது. கழுவி, 650 மில்லி தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டு, திறந்த பாத்திரத்தில் 25 நிமிடம் வேகவைத்தேன். ஊற்றிய தண்ணீரின் அளவு கணக்குக்குத் தேவையில்லை. ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள், சரிபார்க்க உதவும்.

அடுப்பை அணைத்து ஆவி அடங்கியபின், உப்பும் தாளிப்பும் சேர்ப்பதற்கு முன், பாத்திரத்தோடு எடை போட்டேன். 1,105 கிராம். பாத்திரத்தின் 465ஐக் கழித்தால் வெந்த பருப்பு 640 கிராம்.

இனி கணக்கு இரண்டே வரி. உலர்ந்த 200 கிராமில் இருந்த புரதம் 24.35 × 2 = 48.7 கிராம். அது 640 கிராமுக்குள் இருக்கிறது. எனவே 48.7 ÷ 640 × 100 = 7.6. என் பாத்திரத்துப் பருப்பு 100 கிராமில் 7.6 கிராம் புரதம்.

```
100 கி வெந்த பருப்பில் புரதம் =
உலர் எடை × அட்டவணைப் புரதம் ÷ வெந்த எடை
```

640ஐ 200ஆல் வகுத்தால் 3.2. அதாவது பருப்பு 3.2 மடங்காகியிருக்கிறது. அட்டவணையின் 24.35ஐ நேராக 3.2ஆல் வகுத்தாலும் அதே 7.6தான் வரும். இன்னும் கெட்டியாக, 500 கிராம் வரை சுண்டவிட்டிருந்தால் 100 கிராமில் 9.7 கிராம் கிடைத்திருக்கும். தண்ணீர் விட்டு ஒரு கிலோவாக விளாவியிருந்தால் 4.9 கிராம்தான். மூன்றிலும் பாத்திரத்தில் இருக்கும் மொத்தப் புரதம் 48.7 கிராம்தான் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் “வெந்த பருப்புக்கு இவ்வளவு” என்று யாரோ சொன்ன ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை.

நான் போட்ட எடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்த பாத்திரத்தில் வெந்த பருப்பின் எடை, உலர்ந்த பருப்பும் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்த எடையைத் தாண்டக் கூடாது. என் கணக்கில் 200 + 650 = 850. கிடைத்தது 640. கழுவியபோது ஒட்டிய தண்ணீரைத் தள்ளிவைத்துப் பார்த்தால், சுமார் 210 கிராம் ஆவியாகப் போயிருக்கிறது. 25 நிமிடக் கொதிப்புக்கு இது பொருந்துகிறது. 850க்கு மேல் கணிசமாக வந்திருந்தால் பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறந்திருப்பேன், அல்லது கரண்டி உள்ளேயே இருந்திருக்கும்.

காலிப் பாத்திரத்தை எடை போட மறந்துவிட்டால் கவலை வேண்டாம். சாப்பிட்டு முடித்துக் கழுவித் துடைத்தபின் போடுங்கள். அடிக்கடி பருப்பு வேகவைக்கும் பாத்திரம் என்றால் எடையை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சூடான பாத்திரத்தை டிஜிட்டல் தராசின்மேல் நேராக வைக்காதீர்கள். வெப்பம் பட்டால் எண் நிலையில்லாமல் ஏறி இறங்கும். ஒரு மரப்பலகையைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். ஒருவருக்கு மட்டும் 30 கிராம் பருப்பு வேகவைத்துக் கணக்குப் போடுவதையும் தவிருங்கள். தராசு ஒரு கிராம் தவறினாலே 30இல் அது மூன்று விழுக்காட்டுப் பிழை. 200 கிராமில் அரை விழுக்காடுதான்.

குக்கரில் வைத்தால் இந்தக் கணக்கு செல்லுமா?

செல்லும். குக்கரிலேயே நேராகப் பருப்பைப் போடுகிறீர்கள் என்றால் மூடி, கேஸ்கெட், வெயிட் எதுவும் இல்லாமல் குக்கரின் அடிப்பாத்திரத்தை மட்டும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். விசிலோடு பருப்புத் தண்ணீர் பொங்கி வெளியே வழிந்தால்தான் சிக்கல். மூடியில் மஞ்சளாகப் படிந்திருப்பது பருப்புதான். அந்த அளவுக்குப் புரதமும் வெளியே போயிருக்கும். லேசாகப் படிந்திருந்தால் விட்டுவிடலாம். அடுப்பெல்லாம் வழிந்திருந்தால் அன்றைய கணக்கை நம்பாதீர்கள்.

குக்கருக்குள் தனிப் பாத்திரம் வைத்து வேகவைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மூடாமல் வைத்தால், மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாகப் பருப்பில் விழும். வெந்த எடை, நீங்கள் போட்ட பருப்பும் தண்ணீரும் சேர்ந்ததைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம். அது தவறு இல்லை. பின்னால் எடை போடுவதால் அந்தத் தண்ணீரும் கணக்கில் வந்துவிடுகிறது.

ரசத்துக்காக மேலாகத் தெளிந்த பருப்புத் தண்ணீரை எடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நம் வீடுகளில் கணக்கைக் கலைப்பது பெரும்பாலும் இதுதான். தெளிந்த தண்ணீரில் புரதம் குறைவு, அடியில் நிற்கும் பருப்பில் அதிகம். எனவே எடுத்தபின் மிஞ்சியிருப்பதை 7.6 என்று கொள்ள முடியாது.

எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது. என் 640 கிராமிலிருந்து 150 கிராம் தண்ணீரை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மீதி 490 கிராம். எடுத்த தண்ணீரில் புரதமே இல்லை என்று கொண்டால் மீதியில் 100 கிராமுக்கு 48.7 ÷ 490 × 100 = 9.9 கிராம். எடுத்ததும் நன்றாகக் கலந்த பருப்புதான் என்று கொண்டால் 7.6. உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தெளிவாக எடுத்திருந்தால் 9.9க்கு அருகே, கலங்கலாக எடுத்திருந்தால் 7.6க்கு அருகே.

துல்லியம் வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மத்தால் கடைந்து ஒன்றுசேர்த்துவிட்டு, பிறகு ரசத்துக்கு ஒரு கரண்டி எடுங்கள். அப்போது எடுத்ததும் மீதியும் ஒரே அடர்த்தியில் இருக்கும். தட்டில் போடும்போதும் இதே விதிதான்: கடைந்து கலக்காத பருப்பில் மேல் கரண்டியும் அடிக் கரண்டியும் ஒன்றல்ல.

சாம்பாருக்கும் இப்படிக் கணக்கிடலாமா?

கணக்கிடலாம். விடை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. 100 கிராம் துவரம் பருப்பில், அதே அட்டவணைப்படி, 21.7 கிராம் புரதம். அதை வேகவைத்து, காயும் புளித் தண்ணீரும் சேர்த்து, கொதித்து இறக்கும்போது மொத்தச் சாம்பார் 1,400 கிராம் வந்தால், 100 கிராம் சாம்பாருக்குப் பருப்பிலிருந்து வருவது 1.55 கிராம். 200 கிராம் பிடிக்கும் கிண்ணத்தில் 3 கிராம் சொச்சம். கத்தரிக்காய், முருங்கைக்காய் போன்ற காய்களும் சிறிது சேர்க்கும், ஆனால் 100 கிராம் காயில் ஒன்றிரண்டு கிராம் அளவுதான்.

“தினமும் சாம்பார் சாப்பிடுகிறேன், புரதம் போதும்” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை பேருக்கு எத்தனை கிராம் பருப்பு போட்டீர்கள்?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவுத்தளத்தில் வெந்த பருப்புக்கு 9.02 கிராம் என்று நேராகவே இருக்கிறது. உங்களுக்கு 7.6 வந்திருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு பருப்புக்கு. FoodData Central தளத்தில் வெந்தது என்று இருக்கும் அந்தப் பதிவில் தண்ணீரின் அளவும் கூடவே இருக்கிறது: 100 கிராமில் 69.64 கிராம். அதாவது தண்ணீர் போக மீதி 30.36 கிராம். என் பாத்திரத்தில் தண்ணீர் போக மீதி 29க்கும் குறைவு. கடைந்து சாப்பிடும் பருப்பை நாம் இன்னும் சற்று இளக்கமாகவே இறக்குகிறோம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதே தளத்தின் உலர்ந்த பருப்பில் புரதம் 24.63, தண்ணீர் 8.26. இதை வைத்து, தண்ணீர் 69.64 ஆகும் வரை வேகவைத்தால் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிட்டால் 8.15தான் வருகிறது, 9.02 வருவதில்லை. வேகவைத்ததால் புரதம் கூடியதாக யாரும் எண்ண வேண்டாம். உலர்ந்தது ஒரு மாதிரி, வெந்தது இன்னொரு மாதிரி. ஒரே பையிலிருந்து எடுத்து வேகவைத்து அளந்தது என்றால் இவ்வளவு இடைவெளி வந்திருக்காது. பருப்பு ரகத்துக்கு ரகம், நிலத்துக்கு நிலம் மாறும். ஆகவே ஒரே பதிவின் எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் தராசோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஒன்றிலிருந்து உலர் எண்ணும் இன்னொன்றிலிருந்து வெந்த எண்ணும் எடுத்துக் கலக்காதீர்கள்.

அதே காரணத்தால் 7.61 என்று இரண்டாம் தசம இடம் வரை எழுதுவதும் வீண். அட்டவணைப் புரதமே பொதுவாக நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் பெற்றதுதான். “ஏழரை” என்று சொன்னால் போதும்.

ஊருக்குப் போன இடத்தில், வேறொருவர் வேகவைத்த பருப்பு. உலர் எடை யாருக்கும் தெரியாது. வழி இருக்கிறதா?

இருக்கிறது. தண்ணீரைத் திரும்ப வெளியேற்றிப் பார்க்க வேண்டும். உப்பு, எண்ணெய் சேராத பருப்பில் 50 கிராம் எடுத்து, எடை தெரிந்த தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து உலர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால் தண்ணீர் முழுதும் போய்விட்டது. கருக விடாதீர்கள். கருகினால் எடை இன்னும் இறங்கும், விடை தவறும்.

இப்படித் தண்ணீர் முழுதும் போன மைசூர் பருப்பில் ஏறக்குறைய 26 விழுக்காடு புரதம்; கடையில் வாங்கும் உலர்ந்த பருப்பில் கொஞ்சம் தண்ணீர் இருப்பதால்தான் அட்டவணை எண் இதைவிடக் குறைவு. என் 640 கிராமிலிருந்தே 50 கிராம் எடுத்து உலர்த்தினேன், 14.4 கிராம் நின்றது. 14.4 × 0.26 = 3.7 கிராம். 100 கிராமுக்கு 7.5. தராசு வழி வந்த 7.6க்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாளித்த பருப்புக்கு இந்த வழி உதவாது. எண்ணெயும் உப்பும் ஆவியாகாமல் தட்டிலேயே தங்கி, பருப்புபோல எடை காட்டிவிடும்.

நெடுநேரம் வேகவைத்தால் புரதம் அழிந்துவிடாதா?

வெப்பத்தில் புரதத்தின் மடிப்புகள் குலைகின்றன, அளவு குறைவதில்லை. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் மட்டும் ஒரு சிறு பகுதி அதோடு போகும். பருப்பை நாம் வடித்துக் கொட்டுவதில்லையே.

மிச்சப் பருப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் கட்டியாக இருக்கிறது. புரதம் அடர்ந்துவிட்டதா?

மூடி வைத்திருந்தால் இல்லை. ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதால் கட்டியாகிறது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. எடை போட்டால் நேற்றைய எடைதான் இருக்கும். ஆனால் சூடாக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு இளக்கினால் எண் மாறும். நேற்று மீந்த 300 கிராமில் 22.8 கிராம் புரதம் என்றால், 100 மில்லி தண்ணீர் சேர்த்து 400 ஆக்கியபின் 100 கிராமுக்கு 5.7.

வேறு பருப்புகளுக்கு?

வழி அதேதான், அட்டவணை எண்ணை மட்டும் மாற்றுங்கள். துவரம் பருப்பு 21.7, பாசிப் பருப்பு 23.88. பருப்புக்குப் பருப்பு உள்ள இந்த வேறுபாடு, நீங்கள் விடும் தண்ணீரால் வரும் வேறுபாட்டின் முன்னே மிகச் சிறியது.

உணவுத் தாளில் “பருப்பு 30 கிராம்” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். உலர்ந்ததா, வெந்ததா?

இந்தக் கேள்வியால்தான் நான் தராசு வாங்கினேன். என் தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது தந்த தாளில் இதே வரி இருந்தது. நாங்கள் வெந்த பருப்பாக எண்ணி, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போடாமல் இரண்டு மாதம் நடத்தினோம். அவர் மெலிந்துகொண்டே போனார். அடுத்த முறை கேட்டபோதுதான், உலர் எடையைத்தான் எழுதியிருந்தார்கள் என்று தெரிந்தது.

உலர்ந்த 30 கிராம் என்றால் 7.3 கிராம் புரதம். என் வீட்டுப் பதத்தில் அது தட்டில் 96 கிராம் வெந்த பருப்பாக நிற்கும். வெந்த 30 கிராம் என்றால் 2.3 கிராம் புரதம்தான். உணவுத் தாள்களில் பெரும்பாலும் சமைக்காத எடையையே குறிப்பிடுவார்கள். ஆனால் நோயாளிக்கு உரிய தாளில் ஊகத்துக்கு இடம் தராதீர்கள். எழுதியவரிடமே கேட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் “உலர் எடை” அல்லது “வெந்த எடை” என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.